மெர்ச்சண்டைசர் ரெஸ்யூமேயை வேலை விளம்பரத்தோடு பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயத்த ஆடை ஏற்றுமதியில் சில ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு அடுத்த வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவர்கள் கையில் இருந்த விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே மூன்றைக் கேட்டன: பையர் கம்யூனிகேஷன், ஆர்டர் டிராக்கிங், கம்ப்ளையன்ஸ் ஆடிட். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

"ஆர்டர் கன்ஃபர்மேஷன் முதல் ஷிப்மென்ட் வரை எல்லாம் பார்த்தேன்"னு ரெஸ்யூமேல போட்டிருக்கேன். மூணும் அதுக்குள்ளயே வந்துடுது இல்லையா?

வேலை என்று பார்த்தால் வந்துவிடுகிறது. படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை. அந்த வரி ஏறத்தாழ எல்லா மெர்ச்சண்டைசர் ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. சாம்பிளைக் கூரியரில் போட்டவரும் அதை எழுதுகிறார், சாயம் தவறிப்போன ஆர்டரைக் காப்பாற்றியவரும் அதையே எழுதுகிறார். மூன்று வேலைகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்கும் நிறுவனம், ஒவ்வொன்றிலும் நீங்கள் எடுத்த முடிவு எது, உங்கள் பெயரில் இருந்த பதிவு எது என்றுதான் பார்க்கிறது.

ஆகவே பொதுவான வரியை நீக்கிவிட்டு, நீங்கள் நன்றாக அறிந்த ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஃபைலுக்குள் பையரோடு நடந்த பேச்சு, தேதிகளின் ஓட்டம், ஆடிட்டுக்குப் போன ஆவணம் ஆகிய மூன்றும் இருக்கும். மூன்று தலைப்புகளுக்கும் மூன்று வெவ்வேறு சாதனைகளைத் தேடி அலைவதைவிட, ஒரு ஆர்டரை மூன்று பக்கத்திலிருந்து பார்ப்பது எளிது. நேர்முகத் தேர்வில் துருவிக் கேட்டாலும் பதில் தடுமாறாது.

சரி, விளம்பரத்துல இருக்கற வார்த்தைகளையே எடுத்து அப்படியே போட்டுடலாமா?

வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள், வாக்கியத்தை எடுக்காதீர்கள். விளம்பரத்தில் "பையர் கம்யூனிகேஷன்" என்று இருந்து உங்கள் ரெஸ்யூமேயில் "வாடிக்கையாளர் தொடர்பு" என்று இருந்தால், ஆடைத் துறை தெரியாத ஆட்சேர்ப்பு அலுவலர் இரண்டும் ஒன்று என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகத்தை அவரிடம் விட வேண்டாம். ஆனால் விளம்பரத்தின் முழு வாக்கியத்தையும் உங்கள் அனுபவமாக ஒட்டினால், இரண்டையும் அருகருகே வைத்திருப்பவருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

வார்த்தைகளைவிட அவற்றுக்கு அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கவனிப்பதில் பயன் அதிகம். "கம்ப்ளையன்ஸ்" என்பதற்கு அருகில் திருத்த நடவடிக்கைத் திட்டம், தொழிலாளர் ஆவணங்கள் போன்றவை இருந்தால் அவர்கள் நினைப்பது சமூகத் தணிக்கை. டெஸ்ட் ரிப்போர்ட், தடை செய்யப்பட்ட ரசாயனப் பட்டியல் என்று இருந்தால் பொருளின் பாதுகாப்பு. ஆர்கானிக் பருத்தி, மறுசுழற்சி இழை, டிரான்ஸாக்‌ஷன் சர்டிபிகேட் என்று இருந்தால் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத் தொடர்வது. மூன்றுக்கும் மெர்ச்சண்டைசர் செய்யும் வேலை வேறுவேறு. ஒன்றைக் கேட்பவரிடம் மற்றொன்றைச் சொன்னால் பொருந்தாது.

பையர் கம்யூனிகேஷன்னா தினமும் மெயில் போடறதுதான். அதைப் போய் எப்படி சாதனைன்னு எழுதறது?

மெயில்களின் எண்ணிக்கையை எழுதுவதில் பயனில்லை. ஒரு பையர் மெர்ச்சண்டைசரிடம் எதிர்பார்ப்பவை இரண்டு: ஒப்புதல்களை எழுத்தில், காலத்தோடு வாங்குவது, கெட்ட செய்தியை, இன்னும் ஏதாவது செய்ய முடியும் என்ற நிலையிலேயே சொல்லிவிடுவது. இவற்றில் உங்களுக்கு என்ன அனுபவம் இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும்.

ஒரு நல்ல தாமத அறிவிப்பு மெயில் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தலைப்பிலேயே ஸ்டைல் எண், பி.ஓ. எண், பிரச்சினை மூன்றும் இருக்கும். உள்ளே முதல் வரியில் என்ன நடந்தது, இரண்டாவது வரியில் அதனால் எத்தனை பீஸ் எத்தனை நாள் பாதிக்கப்படுகிறது, பிறகு இரண்டு வழிகள், கடைசியில் எந்தத் தேதிக்குள் பதில் வந்தால் எந்த வழி இன்னும் திறந்திருக்கும் என்பது. இப்படி எழுதிப் பழகியவர் ரெஸ்யூமேயில் இவ்வாறு எழுதலாம்:

"தாமத அபாயம் தெரிந்த அன்றே, பாதிக்கப்படும் பீஸ் எண்ணிக்கையும் இரண்டு மாற்று வழிகளும் சேர்த்துப் பையருக்கு எழுதி, திருத்திய தேதிக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெற்றேன்."

எத்தனை பையர்கள், எந்த வகை ஆடை, எந்த நிலையில் இருப்பவர்களோடு பேசினீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். ஃபிட் சாம்பிள் பற்றிப் பையரின் தொழில்நுட்பப் பிரிவோடு நேரடியாகப் பேசியவருக்கும், மேலாளர் எழுதிய பதிலை அனுப்பி மட்டும் வைத்தவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்கள் நிலை இரண்டாவது என்றால், ஃபிட் கருத்துகளை அளவு அட்டவணையில் ஏற்றி சாம்பிள் பிரிவுக்குக் கொடுத்தது நீங்களாக இருக்கலாம், அதையே எழுதுங்கள். அதுவும் பையர் கம்யூனிகேஷனின் ஒரு பகுதிதான்.

டி அண்ட் ஏ ஷீட் எல்லாரும்தான் போடறாங்க. ஆர்டர் டிராக்கிங்ல நான் தனியா என்ன காட்ட முடியும்?

ஷீட் போட்டதில் தனித்தன்மை இல்லை. அது சிவப்பு காட்டியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ஒரு உதாரண ஆர்டரை முழுவதுமாகப் பார்ப்போம்.

18,000 போலோ டி-ஷர்ட்கள். சிவப்பு, பச்சை, நேவி என மூன்று நிறங்கள், நிறத்துக்கு 6,000. ஆர்டர் உறுதியான நாளிலிருந்து 90-ஆம் நாள் எக்ஸ்-ஃபேக்டரி. லேப் டிப் ஒப்புதல் 12-ஆம் நாளுக்குள் வந்திருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் வந்துவிட்டன. நேவி இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு 21-ஆம் நாள்தான் ஒப்புதலானது. அதாவது ஒன்பது நாள் தாமதம். மூன்று நிறத்தையும் ஒரே தொகுதியாக நகர்த்தும் மெர்ச்சண்டைசரின் கையில் முழு ஆர்டரும் ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கும்.

இங்கே நடந்தது வேறு. மூன்று நிறத்துக்கும் நூலும் துணியின் அமைப்பும் ஒன்றே என்பதால், நேவி ஒப்புதலுக்குக் காத்திராமல் மொத்தக் கிரே துணியும் பின்னப்பட்டது. சிவப்பும் பச்சையும் முதலில் சாயத்துக்குப் போயின. சாயப்பட்டறையில் நேவிக்கான இடம் முன்கூட்டியே கேட்டு வைக்கப்பட்டது. தையல் வரிசையில் நேவி கடைசிக்கு மாற்றப்பட்டது. 24-ஆம் நாளே பையருக்கு எழுதி, இரண்டு நிறங்களை முதலில் அனுப்புவதற்கு ஒப்புதல் வாங்கப்பட்டது. 12,000 பீஸ் முதல் தேதியிலேயே போனது; நேவி 6,000 நான்கு நாள் கழித்துக் கப்பலிலேயே போனது. விமானச் சரக்குக் கட்டணம் யாருக்கும் விழவில்லை.

ரெஸ்யூமேயில் இது இரண்டு வரிதான்: "மூன்று நிற போலோ ஆர்டரில் (18,000 பீஸ்) ஒரு நிறத்தின் லேப் டிப் ஒன்பது நாள் தாமதமானபோது, பின்னல், சாயம், தையல் வரிசையை மாற்றித் திட்டமிட்டு 12,000 பீஸை முதல் தேதியிலேயே அனுப்பச் செய்தேன். மீதியின் தாமதத்தை நான்கு நாளாகக் குறைத்து, பகுதி ஷிப்மென்ட்டுக்குப் பையரின் ஒப்புதல் பெற்றேன். விமானச் சரக்கு தேவைப்படவில்லை." தாமதத்தை மறைக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தாமதமே இல்லாத ஆர்டர்களின் பட்டியலை இந்தத் துறையில் இருப்பவர் யாரும் நம்புவதில்லை.

வரிசையை மாத்தினது புரொடக்‌ஷன் மேனேஜர். நான் கேட்டேன், அவ்வளவுதான். "மாற்றினேன்"னு போடலாமா?

போட வேண்டாம். மேலே உள்ள வரியில் "திட்டமிட்டு", "அனுப்பச் செய்தேன்" என்று இருப்பது இதற்காகத்தான். அதுகூட உங்கள் பங்கைவிடக் கூடுதல் என்று தோன்றினால், "நிற வாரியாக வரிசையை மாற்றப் புரொடக்‌ஷனிடம் பரிந்துரைத்து, ஒவ்வொரு நாளும் நிலையைச் சரிபார்த்தேன்" என்று எழுதுங்கள். மெர்ச்சண்டைசர் இயந்திரத்தை இயக்குவதில்லை என்பது விளம்பரம் கொடுத்தவருக்குத் தெரியும். தகவலைச் சரியான நேரத்தில் சரியான ஆளிடம் கொண்டுபோய் ஒரு முடிவை எடுக்க வைப்பதுதான் இந்த வேலை. அதைக் குறைவாக நினைத்து மேனேஜரின் வினைச்சொல்லைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஆன் டைம் ஷிப்மென்ட் எத்தனை சதவீதம்னு போடச் சொல்றாங்க. எங்க கம்பெனியில அப்படிக் கணக்கே வெச்சதில்லை.

நீங்களே கணக்கிடலாம். நீங்கள் கையாண்ட பி.ஓ.க்களை ஒரு பட்டியலாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தேதிகள் போதும்: முதல் பி.ஓ.வில் இருந்த எக்ஸ்-ஃபேக்டரி தேதி, பையர் பின்னர் எழுத்தில் ஏற்றுக்கொண்ட தேதி இருந்தால் அது, சரக்கு உண்மையில் வெளியேறிய தேதி. இப்போது வேலையில் இருக்கும்போதே, நினைவு தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கோப்புகளையோ விலைப் பட்டியலையோ உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். ஒப்பந்த மீறலாகும் என்பது ஒருபுறம். அதைக் காட்டி வேலை கேட்பவரிடம் தன் கோப்பையும் கொடுக்க அடுத்த நிறுவனம் தயங்கும்.

கணக்கு கிடைக்கவே வழியில்லை என்றால் சதவீதத்தை ஊகித்துப் போடாதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை ஸ்டைல்கள் உங்கள் கையில் இருந்தன, வழக்கமான ஆர்டர் அளவு என்ன என்று எழுதலாம். அவை நினைவிலிருந்தே உறுதியாகச் சொல்லக்கூடியவை, வேலையின் அளவையும் காட்டிவிடும்.

பையர் தேதியைத் தள்ளிக் கொடுத்துட்டா அது ஆன் டைம்தானே?

யாருடைய காரணத்தால் தள்ளியது என்பதைப் பொறுத்தது. பையர் பிரிண்ட் டிசைனைத் தாமதமாக மாற்றியதால் தேதி நகர்ந்தது என்றால், புதிய தேதியே சரியான அளவுகோல். உங்கள் பக்கத்துத் தாமதத்தை அவர் பொறுத்துக்கொண்டு தேதியைத் தள்ளினார் என்றால், அதை முதல் தேதியிலேயே அனுப்பியதோடு சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது சரியல்ல.

எளிய தீர்வு, இரண்டையும் சொல்லிவிடுவது. 26 பி.ஓ.க்களில் 19 முதல் தேதியிலும், 4 பையர் ஏற்ற திருத்திய தேதியிலும், 3 தாமதமாகவும் போயிருந்தால், முதல் தேதியை வைத்துப் பார்த்தால் 73 சதவீதம், திருத்திய தேதியையும் சேர்த்தால் 88 சதவீதம். "26 பி.ஓ.க்களில் 23, பையர் எழுத்தில் ஏற்ற தேதிக்குள், அவற்றில் 19 முதல் தேதியிலேயே" என்ற வரி வெறும் "88%" என்பதைவிட வலுவானது. கணக்கின் அடிப்படை தெரியாத சதவீதத்தை நான் ரெஸ்யூமேயில் விடவே மாட்டேன். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி அதில்தான் வரும்.

ஆடிட்டெல்லாம் எச்.ஆர்., கம்ப்ளையன்ஸ் ஆபீசர் பார்த்துக்குவாங்க. எனக்கு அதுல சம்பந்தமே இல்லை. அந்தப் பகுதிக்கு என்ன எழுதறது?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். நல்ல விளம்பரங்களை இதற்காகவே கைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தொழிலாளர் நேர்காணல், சம்பளப் பதிவேடு, தீயணைப்புக் கருவி ஆகியவை உங்கள் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் ஆர்டர் ஃபைலைத் தொடாமல் பல தணிக்கைகள் நடப்பதில்லை.

முதலாவது, ஜாப் ஒர்க். பிரிண்டிங், எம்பிராய்டரி, வாஷிங் ஆகியவற்றுக்குச் சரக்கு வெளியே போகிறது. பையரிடம் தெரிவிக்கப்படாத யூனிட்டுக்குப் போனால் அது அனுமதியற்ற துணை ஒப்பந்தம். பல பையர்கள் இதைக் கடுமையான மீறலாக நடத்துகிறார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, அங்கே தங்கள் ஆடைகள் தைக்கப்பட்டனவா என்ற கேள்விக்குப் பல பிராண்டுகளால் உடனே தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. எந்த பி.ஓ. எந்த யூனிட்டில் ஓடுகிறது என்று பையர்கள் துல்லியமாகக் கேட்பதற்குப் பின்னால் அந்த அனுபவமும் இருக்கிறது. அந்தத் தகவல் மெர்ச்சண்டைசரின் ஷீட்டில் இருக்கிறது. "பிரிண்ட், எம்பிராய்டரி ஜாப் ஒர்க் பையருக்கு அறிவித்த யூனிட்டுகளுக்கு மட்டுமே போவதை பி.ஓ. வாரியாகச் சரிபார்த்தேன்" என்பது உண்மையாக இருந்தால், அது கம்ப்ளையன்ஸ் வரிதான்.

இரண்டாவது, பதிவுகளின் பொருத்தம். தணிக்கையாளர் ஒரு ஆர்டரைத் தேர்ந்தெடுத்து அதன் கட்டிங் பதிவு, தரச் சோதனைத் தாள், பேக்கிங் பட்டியல் ஆகியவற்றின் தேதிகளை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுவது வழக்கம். வார விடுமுறை என்று பதிவேடு சொல்லும் நாளில் தரச் சோதனைத் தாள் ஒன்று கையெழுத்தாகியிருந்தால், அன்று வேலை நடந்தது வெளியே தெரிந்துவிடும். ஆர்டர் ஃபைலைத் தேதி பிறழாமல், நடந்தது நடந்தபடியே வைத்திருப்பவர் இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படை தருகிறார்.

மூன்றாவது, வேலை நேரம். பல தணிக்கைகள் ஒப்பிட்டுப் பார்க்கும், எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பின் தொழிலாளர் நடத்தை விதிகளான இ.டி.ஐ. பேஸ் கோட், வழக்கமான வேலை வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும், மிகை நேரத்தோடு சேர்த்து, விதிவிலக்கான சூழல் தவிர, ஏழு நாளில் 60 மணியைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. மிகை நேரம் பல சமயம் தையல் தளத்தில் தொடங்குவதில்லை. தாமதமாக வந்த சாம்பிள் ஒப்புதலிலும், தாமதமாக வந்த லேபிளிலும் தொடங்குகிறது. மேலே பார்த்த நேவி நிற ஆர்டரில் நான்கு நாள் தள்ளி அனுப்ப ஒப்புதல் வாங்கியதால் கடைசி வாரத்து இரவு வேலை தவிர்க்கப்பட்டிருந்தால், அதே சம்பவம் இந்தத் தலைப்பிலும் ஒரு வரியாகிறது. தவிர்க்கப்பட்டதா என்று புரொடக்‌ஷனிடம் உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

"ஸ்மெட்டா ஆடிட் பாஸ் பண்ண வெச்சேன்"னு போட்டா நல்லா இருக்குமா?

அந்த ஒரு வரி முழுப் பகுதியையும் கெடுத்துவிடும். ஸ்மெட்டா என்பது தணிக்கை செய்யும் முறை. அதில் தேர்ச்சி, தோல்வி கிடையாது. முடிவில் சான்றிதழும் கிடையாது. குறைகளின் பட்டியலும் திருத்த நடவடிக்கைத் திட்டமும்தான் கிடைக்கும். பி.எஸ்.சி.ஐ. தணிக்கை 'ஏ' முதல் 'இ' வரை தரம் கொடுக்கிறது. ராப், எஸ்.ஏ. 8000 ஆகியவை சான்றிதழ் தருபவை. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 தொழிற்சாலைத் தொழிலாளர் நிலையைப் பார்ப்பதல்ல. துணியிலும் பொருளிலும் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதிப்பது. இவற்றைக் குழப்பி எழுதினால், தணிக்கை நாளில் நீங்கள் அருகிலேயே இல்லை என்று கம்ப்ளையன்ஸ் மேலாளருக்குப் புரிந்துவிடும்.

நீங்கள் உண்மையில் ஆவணம் கொடுத்த தணிக்கையின் பெயரை மட்டும், அதன் சரியான வினைச்சொல்லோடு எழுதுங்கள். தணிக்கை செய்பவர் வெளி நிறுவனத்தின் தணிக்கையாளர் என்றால் "நடத்தினேன்" என்பது உங்களுக்கு உரியதல்ல. "ஸ்மெட்டா தணிக்கையில் ஆர்டர் பதிவுகளையும் ஜாப் ஒர்க் விவரங்களையும் வழங்கினேன்" என்பது போதும். இன்னொன்று: "ஆடிட்டுக்காக ஆவணங்கள் தயாரித்தேன்" என்று எழுதாதீர்கள். தணிக்கைக்காகப் பதிவேடுகளைப் புதிதாக எழுதுவது இந்தத் துறையின் பழைய நோய். அந்தச் சொல்லைப் பார்த்ததும் சந்தேகம் வருகிறது. "பராமரித்தேன்" என்பதே பாதுகாப்பான சொல், வேலையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

எங்க ஃபேக்டரிக்கு ஆடிட்ல குறை வந்துச்சு. அதைச் சரி பண்ணதுல எனக்கும் பங்கு இருக்கு. எழுதினா கம்பெனியைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடுமா?

குறையின் விவரத்தை எழுதினால் ஆகும். தணிக்கை அறிக்கை தொழிற்சாலைக்கும் பையருக்கும் இடையிலானது. "மிகை நேர மீறல் கண்டுபிடிக்கப்பட்டது" என்று பழைய நிறுவனத்தின் பெயருக்குக் கீழே எழுதினால், நாளைக்குத் தங்களைப் பற்றியும் இப்படி எழுதுவார் என்று புதிய நிறுவனம் நினைக்கும்.

செய்த மாற்றத்தை எழுதலாம். "ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் பெயர், முகவரி, ஒப்புதல் தேதி ஆகியவற்றை டி அண்ட் ஏ ஷீட்டிலேயே கட்டாய நெடுவரிசையாகச் சேர்த்தேன், யூனிட் விவரம் இல்லாமல் சரக்கு வெளியே போகும் டெலிவரி சலான் போட முடியாதபடி நடைமுறை மாறியது." எந்தக் குறைக்குப் பதிலாக இது வந்தது என்று விளக்காமலேயே, துறை தெரிந்தவருக்கு இதன் மதிப்பு புரியும்.

பையர் பேரைப் போடலாமா? பேரைப் போட்டாத்தான் மதிப்புன்னு சொல்றாங்க.

பணி ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு இருந்தால் அதன்படி நடங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் பெயரையும் எண்ணையும் ஒரே வரியில் சேர்க்காமல் இருப்பது நல்லது. பையரின் பெயர் பெரும்பாலும் பொதுவெளியில் தெரிந்ததே. ஆனால் அவருக்கு எத்தனை பீஸ், என்ன விலை, எத்தனை தாமதம் என்பவை அப்படியல்ல. "ஐரோப்பியச் சில்லறை விற்பனைச் சங்கிலி, குழந்தைகள் பின்னலாடை" என்று வகையைச் சொன்னாலே எப்படிப்பட்ட தரக் கையேடும் தணிக்கை முறையும் உங்களுக்குப் பழக்கம் என்று அனுபவசாலி ஊகித்துவிடுவார். விலையை எந்த நிலையிலும் எழுத வேண்டாம்.

ரெஸ்யூமேயை மனுஷங்க பார்க்கறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர் வடிகட்டுதாமே. அதுக்கு என்ன பண்ணணும்?

எல்லா நிறுவனமும் அப்படிச் செய்வதில்லை. செய்தாலும் அதற்காகத் தனி ரெஸ்யூமே தேவையில்லை. சுருக்கத்தையும் விரிவையும் ஒருமுறையாவது சேர்த்து எழுதுங்கள்: டி அண்ட் ஏ என்று மட்டும் எழுதாமல் டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர் என்பதையும் சேருங்கள். விளம்பரம் எந்த மொழியில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். அட்டவணைக் கட்டங்களுக்குள்ளும் படங்களுக்குள்ளும் முக்கியச் சொற்களை வைக்காதீர்கள். சில மென்பொருள்கள் அவற்றைச் சரியாகப் படிப்பதில்லை.

நான் பையிங் ஹவுஸ்ல இருந்தேன். விளம்பரம் ஃபேக்டரியோடது. என் அனுபவம் செல்லுமா?

செல்லும், ஆனால் மூன்று தலைப்புகளின் எடை இடம் மாறும். பையிங் ஹவுஸில் பையரோடு நெருக்கம் அதிகம், பல தொழிற்சாலைகளை ஒரே நேரத்தில் பார்த்திருப்பீர்கள். தளத்தில் ஒரு நாளில் எத்தனை பீஸ் இறங்கியது என்பது மற்றவர் சொல்லித்தான் தெரிந்திருக்கும். ஆகவே பையர் கம்யூனிகேஷனைச் சுருக்கமாக முடித்துவிட்டு, தொழிற்சாலை சொன்ன நிலையை நீங்கள் எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். நேரில் போய்க் கட்டிங் பதிவைப் பார்த்தீர்களா, தளத்தின் படம் கேட்டீர்களா, இடைநிலை ஆய்வு அறிக்கையை வைத்து மீதி நாள்களைக் கணக்கிட்டீர்களா என்பதே தொழிற்சாலைக்கு வேண்டும். தொழிற்சாலையிலிருந்து பையிங் ஹவுஸுக்குப் போகிறவர் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

மூணுல ரெண்டு இருக்கு, ஆடிட் அனுபவம் உண்மையிலேயே துளிகூட இல்லை. அப்ளை பண்ணலாமா, அந்த இடத்தை எப்படிக் காட்டறது?

ஆடிட் பற்றிய கேள்விக்குச் சொன்ன மூன்று இடங்களிலும் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அந்தத் தலைப்பைப் போட்டு வெறும் சொற்களால் நிரப்பாதீர்கள். விளம்பரத்தில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பொறுப்புகளின் பட்டியலில் கடைசியில் "ஆடிட்டுக்கு ஒத்துழைப்பு" என்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். "திருத்த நடவடிக்கைகளை முடித்து வைக்க வேண்டும்" என்று முதன்மைப் பொறுப்பாக இருந்தால், அது கம்ப்ளையன்ஸ் பின்னணி உள்ள ஆளுக்கான இடம்.

விண்ணப்பிக்கும்போது முகப்புக் கடிதத்தில் இரண்டு வாக்கியம் போதும்: சமூகத் தணிக்கையில் நேரடிப் பங்கு இல்லை என்பது ஒன்று, பொருள் சோதனை அறிக்கைகளை ஆய்வகத்திலிருந்து பெற்று ஷிப்மென்ட்டுக்கு முன் பையருக்கு அனுப்பியது போன்று, நெருங்கிய அனுபவம் எது இருக்கிறதோ அது மற்றொன்று. இல்லாததை முதலிலேயே சொல்லிவிட்டவரிடம் அதைப் பற்றிப் பொறி வைத்துக் கேட்பது அரிது.

எழுதினதை எல்லாம் நேர்ல கேட்டா எங்கே மாட்டுவோம்?

பெரும்பாலும் எண்களின் நடுவிலும் வினைச்சொற்களிலும்தான். நேவி நிற வரியைப் படித்த மேலாளர் கேட்கக்கூடியவை இவை: நேவி ஏன் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டது, நிறம் எந்த ஒளியில் பார்க்கப்பட்டது, கிரே துணியை முன்கூட்டிப் பின்னியபின் பையர் நிறத்தையே ரத்து செய்திருந்தால் அந்தத் துணியை என்ன செய்திருப்பீர்கள், பகுதி ஷிப்மென்ட்டுக்கான ஒப்புதல் மெயிலிலா அல்லது திருத்திய பி.ஓ.விலா வந்தது. கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். மெயிலில் மட்டும் "சரி" என்று வாங்கி பி.ஓ.வைத் திருத்தி வாங்காமல் விட்டால், தாமத அபராதம் பழைய தேதியை வைத்துக் கழிக்கப்படலாம். அது தெரிந்தவர் திருத்திய பி.ஓ.வைக் கேட்டு வாங்கியிருப்பார்.

ஆகவே ரெஸ்யூமேயில் வைக்கும் ஒவ்வொரு வரிக்கும் அந்த ஆர்டரின் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்: ஒப்புதல் கேட்ட நாள், கிடைத்த நாள், பையருக்குத் தெரிவித்த நாள், சரக்கு போன நாள். ஏதாவது ஒரு தேதி நினைவுக்கு வரவில்லை என்றால், இன்னும் அந்த வேலையில் இருக்கும்போதே ஃபைலைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையைத் தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாத ஆர்டரை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிட்டு, சொல்ல முடிகிற வேறொன்றை வையுங்கள்.